விலை அசையாது, நாளும் ஏசியும் அசையும்: ஒரு வெள்ளவத்தை பிளாட்டின் கணக்கு

சித்திரை வருசம் முடிந்த கிழமை, சித்தப்பாவின் வெள்ளவத்தை பிளாட்டுக்கு முதல் கேள்வி வந்தது. அவர் சொன்ன விலை 450 இலட்சம். மூன்று அறை, மூன்றாம் மாடி, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில். வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி, 430 கேட்டார்கள். தரகர் அன்றிரவே சித்தப்பாவுக்கு அழைத்து, "ஐயா, நடுவில வெட்டி 440க்கு முடிச்சிடுவம்" என்றார்.

தரகர் ஏன் எப்போதும் நடுவில் வெட்டச் சொல்கிறார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தரகுப்பணம் இரண்டு வீதம் என்றால், பத்து இலட்சம் குறைவதால் அவருக்கு இல்லாமல் போவது 20,000 ரூபாய். வியாபாரம் ஒரு கிழமை முன்னதாக முடிந்தால் அவருக்கு அதைவிட இலாபம். சித்தப்பாவுக்கோ போவது முழுசாகப் பத்து இலட்சம். தரகர் கெட்ட மனிதர் இல்லை, அவருடைய கணக்கு வேறு. அவ்வளவுதான்.

சித்தப்பாவின் பிடி எளிமையானது: "விலை எண்டா விலைதான்." அது நல்ல பிடிதான். ஆனால் வெறுமனே "450, முடியாவிட்டால் விடுங்கோ" என்று பதில் அனுப்பினால், வாங்குபவர் தன் வீட்டாரிடம் "நான் கேட்டதில் ஒன்றாவது கிடைத்தது" என்று சொல்ல வழியில்லாமல் போகும். அதனால் விலையைத் தொடாமல் வேறு எதைக் கொடுக்கலாம் என்று நாங்கள் மூவரும் மேசையில் இருந்து கணக்குப் பார்த்தோம். கையில் இருந்தவை இரண்டு: உறுதி எழுதும் நாள், வீட்டில் விட்டுச் செல்லக்கூடிய பொருட்கள். இவற்றில் எதை, எந்த வரிசையில், எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதுதான் கேள்வி. நடுவில் வெட்டுவது, நாளை மட்டும் கொடுப்பது, பொருளை மட்டும் கொடுப்பது, இரண்டையும் கொடுப்பது என்று நான்கு வழிகள் இருந்தன.

ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வியால் அளந்தோம். இதைக் கொடுத்தால் எனக்கு எவ்வளவு போகும்? வாங்குபவருக்கு இது எவ்வளவு பெறும்? விலைக்குறைப்பில் இந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நான் விடும் ஒரு ரூபாய் அவருக்கு ஒரு ரூபாய், முத்திரைத் தீர்வையில் மிஞ்சும் சில சதத்தையும் சேர்த்து. இலங்கையில் ஆதனக் கைமாற்றத்துக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும் வாங்குபவர் கட்டவேண்டும். 450 இலட்சத்துக்கு அது 17,99,000 ரூபாய். விலை பத்து இலட்சம் குறைந்தால் தீர்வையில் 40,000 குறையும். ஆக நடுவில் வெட்டினால் சித்தப்பாவுக்குப் பத்து இலட்சம் நட்டம், வாங்குபவருக்குப் பத்து இலட்சத்து நாற்பதாயிரம் இலாபம். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

நாளுக்கு என்ன விலை

நாளைக் கொடுப்பது சும்மா கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உடன்படிக்கை எழுதும்போது பத்து வீதம் முற்பணம் வாங்கினால், மிச்சம் 405 இலட்சம் உறுதி எழுதும் அன்றுதான் கைக்கு வரும். சித்தப்பா முதலில் நினைத்திருந்தது ஜூன் கடைசி. அதை எட்டுக் கிழமை தள்ளினால், வைப்பு வட்டி எட்டு வீதம் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டாலும், இழக்கும் வட்டி ஏறத்தாழ ஐந்து இலட்சம். அதைத் தாளில் எழுதியதும் சித்தப்பா முகத்தைச் சுளித்தார்.

சித்திதான் மறுபக்கத்தை எடுத்துப் போட்டார். அவர்கள் போகப்போவது தெஹிவளையில் மகள் வீட்டு மேல்மாடிக்கு. அங்கே தரைக்கு டைல்ஸ்கூட இன்னும் பதிக்கவில்லை, ஆவணிக்கு முன் முடியாது என்று பாஸ் சொல்லிவிட்டார். ஜூன் கடைசியில் பிளாட்டை விட்டால் இரண்டு மாதம் எங்காவது அனெக்ஸில் இருக்கவேண்டும். மாதம் 95,000 வாடகை, சாமானை இரண்டு தரம் லொறியில் ஏற்றி இறக்கும் செலவு, எல்லாமாக இரண்டரை இலட்சம். ஆகவே நாளைத் தள்ளுவதன் உண்மையான செலவு ஐந்து அல்ல, இரண்டரைதான்.

வாங்குபவருக்கு நாள் எவ்வளவு பெறும் என்று அறிய ஒரேயொரு வழி, கேட்பது. சித்தப்பாவைக் கொண்டு கேட்பிக்கவில்லை, அவர் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். நான் அந்தப் பையனுக்கு அழைத்து, "தம்பி, எப்ப குடிபூர யோசிக்கிறீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, "அண்ணா, ஆடிக்குள்ள மாமி விடமாட்டா" என்று சிரித்தார். பிறகு தானாகவே சொன்னார்: தன் பங்குப் பணத்தில் 90 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது, முதிர்வு ஓகஸ்ட் 20. முன்கூட்டி உடைத்தால் வங்கி குறைந்த வட்டிதான் கொடுக்கும், மூன்றரை இலட்சமளவு போகும் என்று வங்கியில் சொன்னார்களாம். தங்கியிருப்பதோ கொட்டாஞ்சேனையில் மாமனார் வீட்டில், அதனால் வாடகை ஓடுகிறது என்ற அவசரமும் இல்லை.

இந்த ஒரு அழைப்புக்குப் பிறகு பேரத்தின் முகமே மாறிவிட்டது. ஓகஸ்ட் 25 என்ற நாள் எங்களுக்கு இரண்டரை இலட்சம் செலவு, அவருக்கு மூன்றரை இலட்சம் வரவு, அத்தோடு ஆடியும் கழிந்துவிடும். வித்தியாசம் பெரிதில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். 20 இலட்ச இடைவெளியை நாள் தனியாக மூடாது. ஆனால் அது கதவைத் திறக்கும்.

இதே நாள் வேறொரு விற்பவருக்கு விஷமாகலாம். பிளாட்டின் மேல் வங்கிக் கடன் ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு மாதத் தவணையும் வட்டியும் அவர் தலையில். அடுத்த வீட்டுக்கு முற்பணம் கொடுத்துவிட்டு இந்தப் பணத்துக்காகக் காத்திருப்பவர் நாளைத் தள்ளினால், அங்கே முற்பணம் போய்விடும். அப்படிப்பட்டவர் நாளை முன்னுக்கு இழுப்பதைக் கேட்கவேண்டுமே தவிர, தள்ளுவதைக் கொடுக்கக்கூடாது.

பொருளுக்கு என்ன விலை

முதலில் எது யாருடையது என்று தெரியவேண்டும். நமது ஆதனச் சட்டத்தின் அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். கட்டடத்தோடு நிலையாகப் பொருத்திய பொருள் கட்டடத்தோடு போகும். பொருளின் தன்மை, பொருத்திய விதம், பொருத்தியவரின் நோக்கம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் அது நிலையானதா என்று முடிவாகும். சுவரோடு கட்டிய பான்ட்ரி கபட், பில்ட்-இன் அலுமாரி, குளியலறைப் பொருத்துகள் எல்லாம் வாங்குபவர் ஏற்கெனவே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். அவற்றைச் "சேர்த்துத் தருகிறேன்" என்று பேரத்தில் வைத்தால் அவர் மனதுக்குள் சிரிப்பார். பேரத்துக்கு உதவுவது கழற்றி எடுத்துப் போகக்கூடிய, ஆனால் போனால் வீட்டில் ஓட்டை தெரியும் பொருட்கள்: ஏசி, சலவை இயந்திரம், திரைச்சீலை, பிரிட்ஜ்.

சித்தி ஒரு கொப்பியை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு கிழித்தார். கொண்டுபோவது, விற்பது, விட்டாலும் பரவாயில்லாதது. இந்தப் பிரிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். பிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் கடையில் அதற்கு 70,000 தான் தருவார்கள், ஆகவே மலிவாகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் தெஹிவளைக்குப் போனதும் சித்திக்குப் பிரிட்ஜ் வேண்டும், புதியது இரண்டரை இலட்சம். ஆகவே அவருக்கு அந்தப் பழைய பிரிட்ஜின் விலை 70,000 அல்ல. அது கொண்டுபோகும் பத்தியில் விழுந்தது. மூன்று ஏசிகளும் அப்படியல்ல. மேல்மாடியில் மகள் ஏற்கெனவே ஒன்று போட்டுவிட்டாள். கழற்றி விற்றால் கழற்றும் கூலி போக மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை இலட்சம் வரும். சலவை இயந்திரம் அரை இலட்சம். திரைச்சீலைகள் அந்த ஜன்னல் அளவுக்குத் தைத்தவை, இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது, கம்பிகளோடு சேர்த்து 20,000 வந்தால் அதிசயம். மொத்தம் எங்களுக்குப் போவது இரண்டு இலட்சத்து இருபதாயிரம்.

வாங்குபவர் இவற்றைப் புதிதாக வாங்கினால்? மூன்று இன்வர்ட்டர் ஏசியும் பொருத்தும் கூலியும் ஏழு இலட்சத்தைத் தொடும், சலவை இயந்திரம் ஒன்றரை, திரைச்சீலை ஒன்றரை. பத்து இலட்சம். இந்தப் பத்தைக் காட்டி அவரை மயக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாலு வருடப் பழைய ஏசியைப் புது விலைக்கு எவரும் மதிக்கமாட்டார்கள். அவர் மனதில் ஆறரை இலட்சம் என்று ஓடினால் போதும் என்று வைத்தோம்.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். வீடு வாங்குபவருக்கு உறுதி எழுதும் மாதம்தான் கை மிக இறுகும் மாதம். வங்கி 300 இலட்சம் கடன் தந்தாலும், மிச்சம் 150, அதன் மேல் பதினெட்டு இலட்சம் தீர்வை, நொத்தாரிசு கட்டணம், எல்லாம் ரொக்கமாகக் கட்டவேண்டும். வங்கி ஏசிக்கும் திரைச்சீலைக்கும் ஆதனக் கடன் தராது. அந்த மாதத்தில் கடைக்குப் போகாமல் இருக்க முடிவது, தாளில் எழுதும் ஆறரை இலட்சத்தைவிட அவருக்குக் கூடுதலாகவே தோன்றும்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நாளும் பொருளும் சேர்ந்து எங்களுக்குப் போவது நாலு இலட்சத்து எழுபதாயிரம். அவருக்கு வருவது பத்து இலட்சம், அதாவது நடுவில் வெட்டினால் அவருக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ அதே அளவு. அவருக்கு எந்த வழியும் ஏறத்தாழ ஒன்றுதான், எங்களுக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

எதை முதலில் நீட்டுவது

சித்தப்பா இரண்டையும் ஒரே மூச்சில் கொடுத்து முடிக்கப் பார்த்தார். நான் மறித்தேன். பொருளை முதலில் கொடுத்தால் அது அன்றிரவே வாங்குபவரின் கணக்கில் ஏறிவிடும். மறுநாள் அவர் "ஏசியோட 440" என்று வருவார். கொடுத்த ஏசியைத் திரும்பக் கழற்றுவது அசிங்கமாக இருக்கும். நாள் அப்படியல்ல. அது அவர் பிரச்சினையைக் கேட்டுப் புரிந்துகொண்டதைக் காட்டும், அதை வைத்து அவர் விலையை இறக்கவும் முடியாது. ஆகவே நாள் முதலில், பொருள் இரண்டாவது சுற்றில். பொருளைக் கொடுக்கும்போது 450க்குச் சம்மதம் என்ற நிபந்தனையோடு ஒரே வாக்கியத்தில் கட்டி, கெடு வைத்துத்தான்.

முதல் பதில் தொலைபேசியில் போனது: விலை 450, உறுதி எழுதும் நாள் உங்கள் வைப்பு முதிர்ந்த பிறகு, ஓகஸ்ட் 25. இரண்டு நாளில் அவர் 438க்கு ஏறினார். பிறகு இந்தச் செய்தியை அனுப்பினோம்:

"தம்பி, 450 இலட்சத்துக்கு நீங்கள் சம்மதித்தால், ஓகஸ்ட் 25 உறுதி எழுதுவதோடு, மூன்று ஏசி, சலவை இயந்திரம், எல்லாத் திரைச்சீலையும் மேலதிக விலை இல்லாமல் விட்டுப் போகிறோம். விலை மாறினால் இந்தப் பட்டியலும் இல்லை, நாளும் ஜூன் 30 தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணி வரைக்கும் வேறு ஆட்களுக்கு வீடு காட்டமாட்டோம்."

இதில் எனக்கு மிகப் பிடித்தது கடைசி வாக்கியம். கெடு வைப்பது மிரட்டல் போலத் தெரியும். ஆனால் கெடு வரைக்கும் நாங்களும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொன்னால் அது கௌரவமாகிறது. அவர் வியாழன் இரவு அழைத்தார். பிரிட்ஜையும் கேட்டார். சித்தி இல்லை என்றார். வெள்ளி மதியம் சம்மதம் வந்தது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். இந்தச் செய்திகளுக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்தை விற்கும் உடன்படிக்கைகூட எழுத்தில், நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தானால்தான் செல்லும். வெள்ளிக்கிழமை அவர் சொன்ன "சரி" சனிக்கிழமை காற்றில் போகலாம். அதனால் பேச்சில் வென்றதை அடுத்த கிழமைக்குள் நொத்தாரிசின் மேசைக்குக் கொண்டுபோகவேண்டும்.

நாளைத் தள்ளிக் கொடுத்த விற்பவருக்கு இந்த உடன்படிக்கை இன்னும் முக்கியம். நாலு மாதம் வீடு சந்தையிலிருந்து விலகி நிற்கிறது. அதற்கிடையில் வாங்குபவர் மனம் மாறினால் நட்டம் நமக்கு. ஆகவே நாளுக்குப் பதிலாக முற்பணத்தை 45 இலட்சத்திலிருந்து 60 ஆக்கினோம். குறித்த நாளில் அவர் உறுதி எழுதாவிட்டால் முற்பணத்திலிருந்து எவ்வளவு பிடிப்பது, நாங்கள் தவறினால் முற்பணத்தோடு எவ்வளவு சேர்த்துக் கொடுப்பது என்பதும் தொகையோடு எழுதப்பட்டது.

பொருட் பட்டியலை உடன்படிக்கையின் தனி அட்டவணையாகப் போட்டோம். அதற்கு என் சொந்தச் சூடு காரணம். சில வருடத்துக்கு முன் நான் வேறொரு வீட்டை வாங்கியபோது "ஏசி இரண்டு" என்று மட்டும் எழுதியிருந்தது. சாவி வாங்கிய அன்று பார்த்தால் நான் பார்த்த ஏசிகள் இல்லை, சுவரில் இருந்தவை வேறு நிறமாக மஞ்சளித்துப் போயிருந்தன. விற்றவர், "ஏசி இரண்டு தானே தம்பி, இருக்கே" என்றார். எழுத்துப்படி அவர் சரி. ஆகவே இந்த முறை ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு, மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், எந்த அறை, அன்றைய படம். "உள்ள நிலையில், கையளிக்கும் நாளில் இயங்கும் நிலையில்" என்ற ஒரு வரி. பழுதானால் அதன் பிறகு யாருடைய பொறுப்பு என்பதும்.

பட்டியலுக்குத் தனி விலை போடவேண்டாம் என்று நொத்தாரிசு சொன்னதையும் இங்கே சொல்கிறேன். 450இல் பத்து இலட்சம் பொருளுக்கு என்று பிரித்தால், வங்கி கடனை 440இன் மேல் கணக்கிடும், நாம் கொடுத்த உதவியே அவருக்கு வினையாகும். உறுதியில் விலையைக் குறைத்துக் காட்டித் தீர்வையை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது கேட்டால், அது பேரத்துக்குள் வராத விஷயம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த வழி வேலை செய்யாத இடமும் உண்டு. வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளர் பிளாட்டை 420க்குத்தான் மதித்தார் என்றால், கடன் அதற்கேற்பக் குறையும். பள்ளம் ரொக்கத்தில். ஏசியாலும் ஆவணியாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அவர் பேச்சிலேயே இதை அடையாளம் காணலாம். "மதிப்பீடு", "வங்கி எவ்வளவு தரும்" என்று திரும்பத் திரும்ப வந்தால் அவரிடம் காசு இல்லை. அப்போது விலையை இறக்குவதா, அடுத்தவருக்குக் காத்திருப்பதா என்று மட்டுந்தான் யோசிக்கலாம். "பக்கத்து மாடியில் 425க்குப் போச்சாம்" என்று மட்டும் பேசுபவருக்கும் பட்டியல் நீட்டிப் பயனில்லை, அவருக்கு வேண்டியது விலைதான். நாளைப் பற்றியும் செலவைப் பற்றியும் தானாகப் பேசுபவரிடம் மட்டுந்தான் இது பலிக்கும்.

கடைசியில் சிக்கியது நாங்கள் எதிர்பாராத ஒன்று. சித்தியின் சாமித்தட்டு. தேக்கு மரம், பின்பக்கம் நாலு பெரிய திருகாணியால் சுவரோடு இறுக்கியது. நொத்தாரிசு அம்மா அதைப் பார்த்துவிட்டு, இது பொருத்தியதுதானே, எழுதாவிட்டால் வீட்டோடு போய்விடும் என்றார். சித்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடன்படிக்கையில் இன்னொரு வரி ஏறியது: சாமித்தட்டு விற்பனையில் சேராது, விற்பவர் கழற்றிச் சென்று சுவரைப் பூசிக் கொடுப்பார்.

ஓகஸ்ட் 24 மாலை நானும் சித்தப்பாவும் அந்த நாலு துளைகளையும் புட்டி வைத்து அடைத்து, பழைய பெயின்ட் டின்னில் மிஞ்சியதைப் பூசினோம். நிறம் முழுதாகப் பொருந்தவில்லை. மறுநாள் காலை அந்தப் பையன் வந்து ஒவ்வொரு ஏசியின் தொடர் இலக்கத்தையும் தன் தொலைபேசிப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். பிறகு அந்தச் சுவர் முன் நின்று, "அன்ரி, இதே இடத்தில எங்கட சாமிப் படத்தை வைக்கலாமோ?" என்று கேட்டார்.